கோடு பொருந்தியது, எச்சம் வளைந்தது: ஒரு தனி ஊசல் சோதனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேல்நிலை வகுப்பு மாணவி ஒருவர் தனி ஊசல் சோதனையைச் செய்தார். ஊசலின் நீளம் மாறும்போது அலைவு நேரம் எப்படி மாறுகிறது என்பதைத் தன் அளவீடுகளை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. அலைவு நேரத்துக்கான சூத்திரம் அப்போது வகுப்பில் நடத்தப்படவில்லை. விரிதாளில் புள்ளிகளைக் குறித்து, மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்த மட்டும் மாணவர்களுக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எச்ச வரைபடம் வரையவும் சொல்லியிருந்தார்கள். வரைந்ததை எப்படிப் படிப்பது என்பது ஒரு வகுப்பில் மேலோட்டமாகத்தான் வந்து போயிருந்தது.

நான் அதே ஆய்வகத்தில் பாடம் எடுப்பவன். மாணவியின் குறிப்பேடு, ஆசிரியர் அவருக்கு எழுதிய கடிதம், அதன் பிறகு வந்த பதில்கள் எல்லாவற்றையும் இருவரின் சம்மதத்தோடு படித்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்தத் தவறு இந்த ஒரு மாணவிக்கு மட்டும் உரியதல்ல. நேர்கோடு பொருத்தும் எந்தச் சோதனையிலும் இது வரலாம்.

குறிப்பேட்டில் இருந்தது

சோதனையை மாணவி கவனமாகவே செய்திருந்தார். தொங்கவிட்ட இடத்திலிருந்து குண்டின் மையம் வரை நீளத்தை அளந்திருந்தார். ஒவ்வொரு நீளத்திலும் 20 அலைவுகளுக்கான நேரத்தை மூன்று முறை எடுத்து, சராசரியை 20ஆல் வகுத்திருந்தார். மூன்று அளவீடுகளையும் அழிக்காமல் எழுதி வைத்திருந்தார். பின்னால் எல்லாமே அந்த எண்களை வைத்துத்தான் தீர்ந்தது.

விரிதாள் கொடுத்த கோடு:

T = 0.700 + 0.01357 L

இதில் T வினாடியில், L சென்டிமீட்டரில். கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் R² = 0.988. அளந்த T-யிலிருந்து கோடு சொல்லும் T-யைக் கழித்தால் மிஞ்சுவது எச்சம்.

| நீளம் (செ.மீ.) | அளந்த T (வினாடி) | கோடு சொல்லும் T | எச்சம் |
|---|---|---|---|
| 20 | 0.90 | 0.97 | −0.07 |
| 30 | 1.10 | 1.11 | −0.01 |
| 40 | 1.27 | 1.24 | +0.03 |
| 50 | 1.42 | 1.38 | +0.04 |
| 60 | 1.56 | 1.51 | +0.05 |
| 70 | 1.68 | 1.65 | +0.03 |
| 80 | 1.79 | 1.79 | 0.00 |
| 90 | 1.90 | 1.92 | −0.02 |
| 100 | 2.01 | 2.06 | −0.05 |

அதற்குக் கீழே எச்ச வரைபடமும் இருந்தது. கிடை அச்சில் நீளம், நெடு அச்சில் எச்சம், நடுவே பூச்சியக் கோடு. முடிவுரையாக மாணவி மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தார்: "R² மதிப்பு 1-க்கு மிக அருகில் இருக்கிறது. எச்சங்களின் கூடுதல் பூச்சியம், அதாவது மேலும் கீழும் சமமாக இருக்கின்றன. எனவே அலைவு நேரம் நீளத்தோடு நேர்கோட்டில் கூடுகிறது."

ஆசிரியர் கவனித்தவை

வரைபடத்தைப் பார்த்த உடனே ஆசிரியருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புள்ளிகள் இடப்பக்கம் பூச்சியத்துக்குக் கீழே தொடங்கி, நடுவில் மேலே ஏறி, வலப்பக்கம் மறுபடி கீழே இறங்கியிருந்தன. நேர்கோட்டுக்கு அடங்காத ஒரு வளைவு அளவீடுகளில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

ஆனால் தன் கண்ணுக்குத் தெரிந்தது மாணவியின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்றுதான் அவர் அதிகம் யோசித்தார். மாணவி வரைபடத்தைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்துத்தான் 'மேலும் கீழும் சமம்' என்று எழுதியிருக்கிறார். எத்தனை புள்ளிகள் மேலே, எத்தனை கீழே என்று எண்ணினாரே தவிர, எந்த வரிசையில் என்று பார்க்கவில்லை. எண்ணிப் பார்ப்பதும் கூட்டிப் பார்ப்பதும் வகுப்பில் பழகியவை. ஒரு படத்தை இடமிருந்து வலமாக வாசிப்பது பழகாதது.

எடுத்த முடிவு

குறிப்பேட்டில் 'தவறு' என்று குறித்து, T² வரைந்து பார் என்று எழுதியிருந்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர் அதைச் செய்யவில்லை. அப்படிச் சொன்னால் சரியான சூத்திரம் கிடைக்குமே ஒழிய, அடுத்த சோதனையிலும் மாணவி R²-ஐயும் கூடுதலையும் பார்த்தே முடிவுக்கு வருவார். பேசிப் புரியவைக்கலாம் என்றால், வரைபடத்தையும் எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி யோசிக்க நேரம் இருக்காது. அதனால் கடிதமாக எழுதினார். சரியான தொடர்பு எது என்பதைச் சொல்லாமல், இந்தக் கோடு ஏன் நிற்காது என்பதை மட்டும் சொல்வது என்றும் தீர்மானித்துக்கொண்டார்.

கடிதம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் அளவீடுகள் நன்றாக இருக்கின்றன. மூன்று முறை எடுத்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறாய். அதை நம்பித்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். முடிவுரையை மட்டும் இன்னொரு முறை யோசிப்போம்.

முதலில் எச்சங்களின் கூடுதல். அது பூச்சியம் என்று எழுதியிருக்கிறாய், சரிதான். ஆனால் L = 0-இல் கோடு காட்டும் மதிப்பான வெட்டுத்துண்டோடு சேர்த்து மீச்சிறு வர்க்க முறையில் எந்தக் கோட்டைப் பொருத்தினாலும் எச்சங்களின் கூடுதல் பூச்சியமாகத்தான் வரும். அந்த முறை அப்படித்தான் கோட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு வட்டத்தின் பாதியில் புள்ளிகளை வைத்துக் கோடு பொருத்தினாலும் கூடுதல் பூச்சியம்தான். ஆகவே அது உன் ஊசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்க்க மட்டும் அது உதவும். சாய்வை 0.014 என்று சுருக்கி எழுதி எச்சம் கண்டிருந்தால் கூடுதல் பூச்சியத்திலிருந்து விலகியிருக்கும், எங்கோ பிசகு என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ அப்படிச் செய்யவில்லை.

அப்புறம் R². உன் T மதிப்புகள் 0.90-இலிருந்து 2.01 வரை ஏறுகின்றன. அந்த ஏற்றத்தில் எவ்வளவு பங்கைக் கோடு பிடித்துவிட்டது என்பதைத்தான் 0.988 சொல்கிறது. நீளம் கூடினால் நேரம் கூடும் என்ற பெரிய சங்கதியைக் கோடு பிடித்துவிட்டது. தொடர்ந்து ஏறிக்கொண்டே லேசாக வளைகிற எந்த வளைவுக்கும் இந்த அளவு R² கிடைத்துவிடும். ஏறுகிறதா என்று கேட்டால் R² பதில் சொல்லும். நேராக ஏறுகிறதா என்று கேட்டால் சொல்லாது. அதற்குத்தான் எச்ச வரைபடம். பெரிய ஏற்றத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது அது.

இப்போது உன் எச்ச வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள். எத்தனை மேலே எத்தனை கீழே என்று எண்ணாதே. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாக வலப்பக்கம் போ. 20-இல் கீழே, 30-இல் கொஞ்சம் கீழே, 40, 50, 60, 70 நான்கும் மேலே, 80 பூச்சியத்தின் மேல், 90 கீழே, 100 இன்னும் கீழே. கோடு சரியாக இருந்து, மிஞ்சியது கைப்பிழை மட்டுமே என்றால், 40 செ.மீ. புள்ளி மேலே இருப்பதைத் தெரிந்துகொண்டு 50 செ.மீ. புள்ளி எங்கே இருக்கும் என்று நீ ஊகிக்க முடியக் கூடாது. உன் படத்தில் ஊகிக்க முடிகிறது. அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்ததுபோல் நடக்கின்றன.

இங்கே நீ ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம்: ஒன்பது புள்ளிதானே, தற்செயலாகவும் இப்படி வரிசை அமையலாமே? அமையலாம். 80 செ.மீ. எச்சத்தைச் சுருக்காமல் பார்த்தால் +0.004. அதையும் மேலே என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கூட்டல் குறிகளையும் நான்கு கழித்தல் குறிகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக அடுக்கினால் 126 விதமாக அடுக்கலாம். அவற்றில் குறிகள் மூன்று அல்லது அதற்கும் குறைவான கூட்டங்களாகச் சேர்ந்து நிற்பவை 9. நூற்றுக்கு ஏழு என்று சொல்லலாம். பொருத்திய கோட்டின் எச்சங்கள் ஒன்றையொன்று முழுதும் சாராதவை அல்ல என்பதால் இது தோராயக் கணக்குதான். நூற்றுக்கு ஏழு என்பது சந்தேகப்படப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

தீர்ப்புக்கு உன் நிறுத்தற்கடிகாரத்திடம் போக வேண்டும். 20 செ.மீ. ஊசலின் 20 அலைவுகளுக்கு நீ எழுதியிருப்பவை 17.9, 18.0, 18.1 வினாடி. 60 செ.மீ.க்கு 31.2, 31.1, 31.3. எந்த நீளத்திலும் உன் மூன்று அளவீடுகளுக்குள் 0.3 வினாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை. அதாவது உன் கை தவறினால் இந்த அளவுக்குத்தான் தவறுகிறது. ஒரு அலைவுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 0.01 வினாடி.

கோடு என்ன சொல்கிறது பார். 20 செ.மீ.க்கு ஒரு அலைவு 0.972 வினாடி, 20 அலைவுக்கு 19.4 வினாடி. நீ அளந்தது 18.0. கோடு சரி என்று சொல்ல வேண்டுமானால், மூன்று முறையும் 1.4 வினாடி முன்னதாகவே கடிகாரத்தை நிறுத்தினாய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய். 60 செ.மீ.யில் அதற்கு எதிர்ப்பக்கமாக 0.9 வினாடி பிந்தி நிறுத்தியிருக்க வேண்டும். எச்ச வரைபடத்தில் 0.01 வினாடி மேலேயும் 0.01 வினாடி கீழேயும் பென்சிலால் இரண்டு கோடுகள் இழுத்துப் பார். அந்தப் பட்டைக்குள் இரண்டே புள்ளிகள்தான் அடங்கும், 30-ம் 80-ம். கோடு புள்ளிகளின் வளைவை வெட்டிப் போகும் இடங்கள் அவற்றின் பக்கத்தில் இருக்கின்றன.

வேறு காரணம் இருக்குமா என்றும் யோசித்தேன். குண்டின் மையத்துக்குப் பதிலாக அதன் மேல்முனை வரை அளந்திருந்தால் எல்லா நீளங்களும் ஒரே அளவு குறைந்திருக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகப் பக்கவாட்டில் நகரும். நேராக இருப்பது அதனால் வளையாது. ஊசலை அகலமாக வீசவிட்டால் அலைவு நேரம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் செங்குத்திலிருந்து 20 டிகிரி விலக்கி விட்டால்கூட அந்தக் கூடுதல் 1 சதவீதத்துக்கும் குறைவு. 20 செ.மீ.யில் உன் எச்சம் 7 சதவீதத்துக்கு மேல்.

கடைசியாக ஒன்று. உன் கோட்டில் L = 0 என்று போட்டுப் பார். நீளமே இல்லாத ஊசல் ஆடி முடிக்க 0.70 வினாடி எடுத்துக்கொள்ளுமாம். 20 செ.மீ.க்குக் கீழே நீ அளக்கவே இல்லை, அதனால் அங்கே கோடு சொல்வதை நம்ப வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆனால் இடது ஓரப் புள்ளி கோட்டுக்கு எவ்வளவு கீழே விழுந்திருக்கிறது என்று பார். நீளம் குறையக் குறைய உண்மை எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தப் புள்ளியே காட்டுகிறது.

இந்தப் படம் சொல்லாததையும் தெரிந்துகொள். கோடு தவறு என்கிறது. எந்த வளைவு சரி என்று சொல்லவில்லை. நடுவில் மேலும் ஓரங்களில் கீழும் இருக்கும் எச்சம் என்றால், தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, போகப் போகச் சாய்வு குறைகிற ஏதோ ஒன்று என்று பொருள். அப்படிப்பட்ட வளைவுகள் பல உண்டு. எது என்று கண்டுபிடிக்க உன் அட்டவணையையே பார். ஒரு நீளமும் அதன் இரு மடங்கும் இருக்கும் ஜோடிகள் அதில் சில இருக்கின்றன.

அன்புடன்,
உன் ஆசிரியர்

முதல் பதில்: பரவளையம்

கடிதத்தின் கடைசிக் குறிப்பை மாணவி அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. வளைவு இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு, விரிதாளில் நேர்கோட்டுக்குப் பதில் இருபடிச் சமன்பாட்டைப் பொருத்தினார்:

T = 0.513 + 0.02123 L − 0.0000639 L²

R² இப்போது 0.9993 ஆகிவிட்டது. எச்சங்கள் எல்லாம் ஏறக்குறைய 0.01 வினாடி அளவுக்குச் சுருங்கின. மாணவிக்கு இது போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆசிரியரின் அளவுகோலையே கொண்டு பார்த்தாலும் புள்ளிகள் பட்டையை ஒட்டித்தான் நின்றன. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம்தான், ஏனென்றால் எச்ச வரைபடத்தின் எல்லை இங்கேதான் தெரிகிறது. கொஞ்ச தூரத்துக்கு எந்த வளைவையும் ஒரு பரவளையம் நன்றாகவே பின்தொடரும். அளந்த எல்லைக்குள் மட்டும் எச்சத்தைப் பார்த்தால் அது உண்மையான விதியா, உண்மையை ஒட்டி ஓடும் வேறொன்றா என்று பிரித்தறிவது கடினம்.

ஆனாலும் ஒரு சிறு தடயம் மிஞ்சியிருந்தது. புதிய எச்சங்களின் குறிகள் இடமிருந்து வலமாகக் கழித்தல், அப்புறம் நான்கு கூட்டல், மூன்று கழித்தல், கடைசியில் ஒரு கூட்டல். ஒரு வளைவை எடுத்த பிறகும் அடியில் இன்னொரு நெளிவு தெரிந்தது. 20 அலைவுகளுக்குக் கணக்கிட்டால் மிகப் பெரிய விலகலே 0.25 வினாடி அளவுதான். இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் ஆசிரியர் எச்சத்தைப் பற்றி மேலும் வாதிடவில்லை. இரண்டே வரி எழுதி அனுப்பினார்: "இந்தச் சமன்பாட்டின்படி அலைவு நேரம் எந்த நீளத்தில் உச்சத்தைத் தொடுகிறது? அதற்கு மேல் நீளத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?"

மாணவி கணக்குப் போட்டார். உச்சம் 166 செ.மீ. அருகே வந்தது. அதற்கு மேல் நீளம் கூடக் கூட ஊசல் வேகமாக ஆடும் என்கிறது சமன்பாடு. நீளமான ஊசல் மெதுவாக ஆடும் என்று தன் கண்ணால் பார்த்தவர் அவர். போதாக்குறைக்கு, நீளம் பூச்சியமானாலும் 0.51 வினாடி மிஞ்சுகிறது. கடிதத்தை மறுபடி எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்ததாகப் பிறகு எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பதில்: இரு மடங்கு ஜோடிகள்

அட்டவணையில் அத்தகைய ஜோடிகள் நான்கு: 20-40, 30-60, 40-80, 50-100. ஒவ்வொன்றிலும் பெரிய T-யைச் சிறிய T-யால் வகுத்தார். 1.41, 1.42, 1.41, 1.42 என்று வந்தன. நீளம் எங்கே தொடங்கினாலும் இரு மடங்காக்கினால் நேரம் ஏறக்குறைய 1.41 மடங்கு ஆகிறது. நான்கு மடங்கான ஒரே ஜோடி 20-80. அதில் நேரம் 0.90-இலிருந்து 1.79, கிட்டத்தட்ட சரியாக இரு மடங்கு. பொருத்திய நேர்கோட்டில் இந்த விகிதம் ஜோடிக்கு ஜோடி மாறும். பரவளையத்திலும் மாறும். மாறாமல் இருந்தால் நேரம் நீளத்தின் ஏதோ ஒரு அடுக்கைப் போல் போகிறது என்று பொருள். 4 மடங்குக்கு 2 மடங்கு என்றால் அது வர்க்கமூலம். இதைக் கண்டுபிடித்தது மாணவியேதான்.

அப்புறம் நெடு அச்சில் T-க்குப் பதிலாக T²-ஐ வைத்து மறுபடி கோடு பொருத்தினார்:

T² = 0.007 + 0.04018 L

வெட்டுத்துண்டு ஏறக்குறைய பூச்சியம். நீளம் இல்லாத ஊசலுக்கு நேரமும் இல்லை. சூத்திரம் பிறகு வகுப்பில் வந்தபோது, 4π²-ஐ இந்தச் சாய்வால் வகுத்து புவியீர்ப்பு முடுக்கமான g-யின் மதிப்பையும் கண்டார்: 983 செ.மீ./வி². வழக்கமாகப் பயன்படுத்தும் 980-க்கு மிக அருகில்.

அளப்பதற்கு முன் எழுதி வைத்த மதிப்புகள்

மூன்று சமன்பாடுகளில் எது நிற்கும் என்பதை அளந்த எல்லைக்கு வெளியே போய்ப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் 10 செ.மீ., மறுபக்கம் 150 செ.மீ. மூன்று சமன்பாடுகளின் மதிப்புகளையும் முதலில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்ட பிறகே மாணவி ஊசலைக் கட்டினார். விடை தெரிந்த பிறகு சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் அது சோதனை ஆகாது என்பதால் இந்த ஏற்பாடு.

| நீளம் (செ.மீ.) | நேர்கோடு | பரவளையம் | T² கோடு | அளந்தது |
|---|---|---|---|---|
| 10 | 0.84 | 0.72 | 0.64 | 0.64 |
| 150 | 2.74 | 2.26 | 2.46 | 2.46 |

20-க்கும் 100-க்கும் இடையில் நேர்கோடு எங்குமே 0.07 வினாடிக்கு மேல் பிசகவில்லை. வெளியே போனதும் 10 செ.மீ.யில் 0.20, 150 செ.மீ.யில் 0.28 வினாடி பிசகுகிறது. இரண்டு ஓரங்களிலும் நேர்கோடு கூடுதலாகவே சொல்கிறது. எச்ச வரைபடத்தின் இரண்டு ஓரங்களும் கீழே சாய்ந்திருந்ததன் தொடர்ச்சிதான் இது. பரவளையம் உள்ளே அவ்வளவு ஒட்டிப் போயும், வெளியே 150 செ.மீ.யில் நேர்கோட்டுக்கு எதிர்ப்பக்கம் 0.20 வினாடி தவறியது.

T² கோட்டின் எச்சம் கிளப்பிய சந்தேகம்

விஷயம் இதோடு முடிந்துவிடவில்லை. T² கோட்டின் எச்ச வரைபடத்தை மாணவி வரைந்தபோது திகைத்துவிட்டார். புள்ளிகள் படம் முழுக்க மேலும் கீழுமாகச் சிதறியிருந்தன. முதல் வரைபடத்தை விட இது மோசமாகத் தெரிகிறதே என்று எழுதி அனுப்பினார். இடப்பக்கம் நான்கு புள்ளிகள் பூச்சியத்தை ஒட்டி இருக்க, வலப்பக்கம் போகப் போக விரிந்திருந்தன.

இதற்கு ஆசிரியர் தந்த விளக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, நெடு அச்சின் அளவு. எச்சம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விரிதாள் அதைப் படம் நிறையும்படி இழுத்துக் காட்டும். அதனால் சிதறல் பெரிதா சிறிதா என்பதை அளவீட்டுப் பிழையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், படத்தின் தோற்றத்தை வைத்து அல்ல. மிகப் பெரிய எச்சம் 80 செ.மீ.யில், −0.017. அதை T-க்கு மாற்றினால் 0.005 வினாடி. 20 அலைவுகளுக்கு 0.1 வினாடி. மாணவியின் கடிகாரப் பிழைக்குள் அது தாராளமாக அடங்கிவிடுகிறது.

மற்றொன்று, அந்த விரிவு. T-யில் ஒவ்வொரு நீளத்துக்கும் பிழை ஏறக்குறைய ஒரே அளவு என்றால், வர்க்கப்படுத்திய பிறகு அது ஒரே அளவாக இருக்காது. T-யில் 0.01 பிழை T²-இல் 2 × T × 0.01 ஆகிறது. 20 செ.மீ.யில் அது 0.018, 100 செ.மீ.யில் 0.040. வலப்பக்கம் பிழை இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. எனவே எச்சம் புனல் போல விரிவதில் வியப்பில்லை. அது தொடர்பு தவறு என்பதைக் காட்டவில்லை, பிழையின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. வளைவும் புனலும் வேறு வேறு நோய்கள். வளைவு தெரிந்தால் சமன்பாட்டை மாற்ற வேண்டும். புனல் தெரிந்தால் சமன்பாடு சரியாகவே இருக்கலாம், எல்லாப் புள்ளிகளுக்கும் சமமான எடை கொடுத்ததைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும். ஒன்பது புள்ளிகளை வைத்து இங்கே புனல் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் ஆசிரியர் சேர்த்து எழுதினார். கணக்குப்படி அது இருக்க வேண்டும், படம் அதற்கு முரணாக இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

நீளங்களைத் தேர்ந்தெடுக்கும் விதம் மாறும். 20-இலிருந்து 100 வரை சமமான இடைவெளியில் அளந்ததில், வளைவு அதிகமாக இருக்கும் குட்டையான பக்கத்தில் புள்ளிகள் குறைந்துவிட்டன. அடுத்த குழுவுக்கு 10, 15, 20, 30, 40, 60, 80, 120 என்று கொடுப்பதாக உத்தேசம். அதே அளவு வேலையில் வளைவு முன்னைவிடத் தெளிவாகத் தெரியும், இரு மடங்கு ஜோடிகளும் கூடுதலாகக் கிடைக்கும். 60-இலிருந்து 100 வரை மட்டும் அளந்திருந்தால் எச்சத்தின் வளைவு கடிகாரப் பிழைக்குள் மறைந்து போயிருக்கும், நேர்கோட்டை யாராலும் மறுத்திருக்க முடியாது என்பதையும் குழுவிடம் சொல்ல வேண்டும்.

எச்ச வரைபடத்தில் பிழைப் பட்டையை வரைவது கட்டாயமாகும். அதற்கு மூன்று அளவீடுகளும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும், சராசரி மட்டும் போதாது. முடிவுரையில் R² எழுதலாம், ஆனால் எச்சத்தின் வரிசையைச் சொற்களில் விவரிக்கும் ஒரு பத்தி அதற்கு முன்னால் வர வேண்டும்: எங்கே தொடங்குகிறது, எங்கே குறி மாறுகிறது, ஓரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன.

கடிதம் எழுதும் முறையைத் தொடரலாமா என்று ஆய்வகத்தில் பேசினோம். ஒவ்வொரு மாணவருக்கும் இத்தனை நீளமாக எழுத முடியாது. ஆனால் 20 அலைவுகளுக்கு 19.4 எதிர் 18.0 என்ற அந்த ஒரு ஒப்பீட்டை மாணவர்களே தங்கள் மோசமான எச்சத்துக்குச் செய்து பார்க்கும்படி வேலைத்தாளில் ஒரு கட்டம் சேர்க்கப் போகிறோம். வினாடியின் நூறில் ஏழு என்பது அற்பமாகத் தெரிகிறது. தன் கடிகாரத்தில் 1.4 வினாடி என்று தெரிந்ததும்தான் இந்த மாணவி கோட்டைச் சந்தேகிக்கத் தொடங்கினார்.

புனல் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மாணவிக்கு இப்போது தரப்பட்டிருக்கும் வேலை, அதே ஒன்பது அளவுகளையும் புதிய இரண்டையும் சேர்த்து, T²-க்கும் L-க்கும் பதிலாக T-க்கும் √L-க்கும் கோடு பொருத்துவது. அதில் T வர்க்கப்படாததால் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு எச்ச வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டைகளோடு வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர்.